திரும்பத் திரும்ப வரும் வெல்டிங் துளை: மீன்முள் வரைபடத்தைச் சூப்பர்வைசர்களிடம் எடுத்துவைப்பது எப்படி?

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட பகுதியில், கனரக வண்டிகளுக்கான இரும்பு பிராக்கெட் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தபோது, ஒரே குறையைப் பற்றி மூன்று முறை மீன்முள் வரைபடம் போட்டோம். முதல் இரண்டு முறையும் படம் அழகாக வந்தது, கூட்டம் சண்டையில் முடிந்தது, குறை அப்படியே இருந்தது. மூன்றாவது முறை படத்தின் வடிவத்தில் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை. அதற்கு முன்னால் செய்த வேலையையும், சூப்பர்வைசர்கள் முன் அதை எடுத்துவைத்த வரிசையையும் மட்டுமே மாற்றினோம். அந்த மூன்றாவது முறையை ஆதாரமாகக் கொண்டே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எண்களைக் கணக்குப் போட எளிதாகச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன்.

குறை இதுதான். சி.ஓ.டூ வெல்டிங்கில் பற்றவைத்த பிராக்கெட்டின் பீடில், அதாவது உருகிய இரும்பு உறைந்த வெல்டிங் தடத்தில், ஊசியால் குத்தியதுபோல ஒரு துளை தெரியும். தளத்தில் அதை ‘ப்ளோ ஹோல்’ என்பார்கள். மேலே ஒன்றே ஒன்றாகத் தெரிந்தாலும், கிரைண்டர் வைத்து அரை மில்லி தேய்த்தால் கீழே நான்கைந்து துளைகள் புழு அரித்ததுபோல வரிசையாக இருக்கும். உருகிய இரும்பு உறைவதற்குள் உள்ளே மாட்டிக்கொண்ட வாயு வெளியேறிய தடம் அது. ஆட்கள் அதன் மேல் இன்னொரு பீட் போட்டு மூடிவிடுவார்கள். பிரைமர் அடித்த பிறகோ வாடிக்கையாளரின் லைனிலோ அது மீண்டும் தலைகாட்டும்.

முதல் படி: மீனின் தலையில் என்ன எழுதுவது

கவோரு இஷிகாவா என்ற ஜப்பானிய தர வல்லுநரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த வரைபடத்தில், வலப்பக்கம் உள்ள தலையில் குறை எழுதப்படும், முதுகெலும்பிலிருந்து பிரியும் பெரிய முட்களில் காரணப் பிரிவுகள் எழுதப்படும். எங்கள் முதல் படத்தின் தலையில் ‘வெல்டிங் தரம் சரியில்லை’ என்று எழுதியிருந்தோம். அப்படி எழுதினால் அதன் கீழ் எதை வேண்டுமானாலும் தொங்கவிடலாம். மீன் மத்தி மீனாகிவிடும்: எங்கே கைவைத்தாலும் முள், எடுத்துப்போட்டு மாளாது.

மூன்றாவது முறை, படம் வரைவதற்கு முன் நான்கு வாரங்களின் ஆய்வுப் பதிவுகளை எடுத்து உட்கார்ந்தோம். 24 வேலை நாட்கள், இரண்டு ஷிப்ட், மூன்று வெல்டிங் பூத், ஷிப்டுக்கு 240 பிராக்கெட். மொத்தம் 11,520 பிராக்கெட்டுகளில் துளை விழுந்தவை 271. இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதை மூன்று விதமாகப் பிரித்தோம்.

ஷிப்ட் வாரியாகப் பார்த்தால், காலை 6 முதல் 2 வரையான ஏ ஷிப்டில் 52, மதியம் 2 முதல் இரவு 10 வரையான பி ஷிப்டில் 219. பலரும் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு ‘பி ஷிப்டில்தான் கோளாறு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நாங்களும் இரண்டாவது படத்தில் அதைத்தான் செய்தோம். ஆனால் நேர வாரியாகப் பிரித்ததும் வேறொன்று தெரிந்தது. ஏ ஷிப்டின் 52-ல் காலை 10 மணிக்கு முன் விழுந்தவை 12 மட்டுமே, மீதி 40-உம் அதற்குப் பிறகு. பி ஷிப்டின் 219-ல் மாலை 6 மணிக்குள் 171, அதற்குப் பிறகு 48. அதாவது குறை காலையில் தூங்கி, முற்பகலில் எழுந்து, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், இருட்டிய பின் அடங்குகிறது. ஷிப்ட் மாறுவது அதன் நடுவில் வரும் ஒரு கோடு, அவ்வளவுதான். பூத் வாரியாகப் பார்த்தால், கிழக்கு வாசலை ஒட்டிய முதல் பூத்தில் 178, இரண்டாவதில் 62, உள்ளே தள்ளியிருக்கும் மூன்றாவதில் 31.

ஆகவே தலையில் எழுதிய வாக்கியம் இப்படி மாறியது: ‘பிராக்கெட் பீடில் ப்ளோ ஹோல், நான்கு வாரத்தில் 271, அதிகம் விழுவது முதல் பூத்தில், பிற்பகல் 2 முதல் 6 வரை.’ இந்த வாக்கியத்தில் யாருடைய பெயரும் இல்லை, எந்தக் காரணமும் இல்லை. தலையில் காரணத்தின் வாடை அடித்தாலே, ‘கவனக்குறைவால் வரும் துளை’ என்பது போல ஏதாவது எழுதினாலே, கூட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒரு சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இரண்டாம் படி: கூட்டத்துக்கு முன், ஒவ்வொருவரிடமும் தனியே

என் அனுபவத்தில் மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். வெல்டிங்கின் இரண்டு ஷிப்ட் சூப்பர்வைசர்கள், பிரஸ் ஷாப், மெயின்டனன்ஸ், ஸ்டோர்ஸ் என ஐந்து பேர் அந்தப் படத்தின் முன் நிற்கப்போகிறார்கள். ஆள், இயந்திரம், பொருள், முறை, அளவீடு, சூழல் என்ற ஆறு பெரிய முட்களும் பாடப்புத்தகத்தில் வெறும் பிரிவுகள். தளத்திலோ ஒவ்வொரு முள்ளும் ஒருவருடைய வீட்டு வாசல். இயந்திர முள்ளில் எதை எழுதினாலும் மெயின்டனன்ஸ்காரருக்குச் சுருக்கென்று தைக்கும். பொருள் என்று எழுதினால் பிரஸ் ஷாப்பும் ஸ்டோர்ஸும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். தன் வாசலில் முள் போட்டிருப்பதை ஒருவர் எல்லோர் முன்னிலையிலும்தான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்றால், அவர் அதை மறுப்பதைத் தவிர வேறென்ன செய்வார்?

எனவே வரைபடத்தின் பென்சில் பிரதியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரின் மேசைக்கும் போனேன். பி ஷிப்ட் சூப்பர்வைசரிடம்தான் முதலில் போனேன், ஏனென்றால் எண்கள் அவருடைய ஷிப்டைத்தான் சுட்டுகின்றன. படத்தைப் பார்த்ததும் அவர், “எங்க ஷிப்ட்டக் காட்டிக் குடுக்கறதுக்கு மூணாவது மீனா, தம்பி?” என்றார். “இல்லண்ணே, மணிக்கணக்குல பிரிச்சுப் பாருங்க. ஆறு மணிக்கு மேல உங்க ஆளுங்கதான், உங்க மெஷின்தான், ஆனா குறை அடங்கிடுது” என்று நேர அட்டவணையை நீட்டினேன். அவர் கொஞ்சநேரம் அதையே பார்த்துவிட்டு, “மூணு மணிக்கு அந்த வாசல்ல நின்னு பாத்திருக்கியா? பொட்டு வச்ச நெத்தியில வேர்வ நிக்காது, அப்படி அடிக்கும் காத்து” என்றார். அதுவரை எங்கள் படத்தின் சூழல் முள்ளில் ‘ஈரப்பதம்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. காற்று என்று எழுதியது அவர் சொல்லித்தான்.

தனிச் சந்திப்பில் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் போதும். உங்கள் பகுதியிலிருந்து இந்தத் துளைக்குக் காரணமாக இருக்கக்கூடியது எது? அதை எப்படிச் சோதிக்கலாம்? ஏற்கெனவே சோதித்து இல்லை என்று தெரிந்தது ஏதாவது உண்டா? மூன்றாவது கேள்வியைக் கேட்டால் முகம் மலரும். பிரஸ் ஷாப் சூப்பர்வைசர், தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று தாமே இரண்டு நாள் துடைத்தும் துடைக்காமலும் அனுப்பிப் பார்த்ததைச் சொன்னார். இரண்டு விதத் தகட்டிலும் துளை ஒரே அளவில் விழுந்திருந்தது. அது எங்கள் பதிவில் எங்குமே இல்லை.

மூன்றாம் படி: முட்களை எழுதும் விதம்

ஒரு முள்ளில் எழுதப்படும் வாக்கியம் சோதிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். இரண்டு வகை வாக்கியங்கள் இந்தத் தேர்வில் எப்போதும் தோற்கும்.

ஒன்று, ஆள் என்ற முள்ளில் விழும் ‘கவனக்குறைவு’, ‘ஈடுபாடு இல்லை’ போன்றவை. இவற்றை எந்தக் கருவியால் அளப்பீர்கள்? அப்படிச் சொல்பவர் மனதில் ஏதோ ஒரு காட்சி இருக்கும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். ‘கவனக்குறைவு’ என்று சொன்ன ஒருவரிடம் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டபோது, நாசிலில் ஒட்டும் தெறிப்பைச் சிலர் சுத்தம் செய்வதே இல்லை என்றார். அப்படியானால் முள்ளில் எழுத வேண்டியது ‘நாசில் சுத்தம் செய்யும் இடைவெளி: எத்தனை பீஸுக்கு ஒருமுறை?’ என்பதுதான். தெறிப்பு அடைத்த நாசிலிலிருந்து, பற்றவைக்கும் இடத்தை மூடிக்காக்கும் வாயு ஒழுங்காகச் சுற்றிவராது என்பதால் அது உண்மையிலேயே சோதிக்க வேண்டிய காரணம்.

மற்றொன்று, தீர்வே காரணமாக வேடம் போட்டு வருவது. ‘பயிற்சி இல்லை’, ‘புதிய மெஷின் இல்லை’, ‘திரை இல்லை’ ஆகியவை எல்லாம் சொல்பவர் முன்னமே முடிவு செய்த தீர்வின் மறுபக்கம். ‘திரை இல்லை’ என்று எழுதினால் அடுத்த வரியில் ‘திரை வாங்கு’ என்றுதான் வரும். ‘பற்றவைக்கும் இடத்தில் காற்று வீசுகிறது’ என்று எழுதினால், எவ்வளவு வீசுகிறது, எங்கிருந்து வருகிறது, ஏன் தடுக்கப்படவில்லை என்று மூன்று கேள்விகள் பிறக்கும்.

இப்படி வடிகட்டியதில், முதலில் 31 ஆக இருந்த சிறுமுட்கள் 14 ஆகக் குறைந்தன. கூட்டத்துக்குக் கொண்டுபோகும் படத்தில் அதற்கு மேல் இருந்தால் எழுத்து சிறுத்துவிடும், பின்வரிசையில் நிற்பவர் படிக்க முடியாமல் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

நான்காம் படி: ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு நிலை

மீன்முள் வரைபடம் என்பது சந்தேகங்களின் பட்டியல் மட்டுமே. அதில் எழுதியதாலேயே எதுவும் காரணம் ஆகிவிடாது. வெல்டிங்கில் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு ஒரு முள் பெரியதாகத் தெரியும், ஸ்டோர்ஸ்காரருக்கு இன்னொன்று. கை தூக்கி வாக்கெடுத்துப் பெரிய காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வயதில் மூத்தவர் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மற்றக் கைகளும் போகும்.

அதற்குப் பதிலாக, ஒவ்வொரு சிறுமுள்ளின் நுனியிலும் மூன்றில் ஒரு குறியிட்டோம். சோதித்து இல்லை என்று கண்டது, சோதித்து உண்டு என்று கண்டது, இன்னும் சோதிக்காதது. இல்லை என்று கண்டவற்றைப் படத்திலிருந்து அழித்துவிடக் கூடாது. பென்சில் நிறத்தில் மங்கலாக விட்டு, பக்கத்தில் ஆதாரத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். அழித்துவிட்டால், கூட்டத்தில் யாராவது ஒருவர் “வயர் ரோலைப் பாத்தீங்களா?” என்று கட்டாயம் கேட்பார், அங்கிருந்து பத்து நிமிடம் போய்விடும். எங்கள் படத்தில் வயர் முள் பக்கத்தில் ‘மூன்று பூத்துக்கும் ஒரே பேட்ச் ரோல், மூன்றாம் பூத்தில் குறை சொற்பம்’ என்று எழுதியிருந்தது. அந்தக் கேள்வி எழவே இல்லை.

‘ஆள்’ முள்ளுக்கும் இதேபோல ஒரு சோதனை தேவைப்பட்டது. முதல் பூத்தில் நிற்பவர் ஒப்பந்தத் தொழிலாளி, அனுபவம் குறைவு, அதனால்தான் துளை என்று ஒரு பேச்சு இருந்தது. வாதம் செய்வதற்குப் பதிலாக, முதல் பூத், மூன்றாம் பூத் வெல்டர்களை மூன்று நாள் இடம் மாற்றினோம். வழக்கமாக முதல் பூத்தில் பிற்பகல் நான்கு மணி நேரத்தில் 40 பிராக்கெட்டுக்கு ஐந்து என்ற கணக்கில் துளை விழும், மூன்று நாளுக்கு 120-க்கு 15. இடம் மாறிய பிறகு அனுபவசாலி நின்ற முதல் பூத்தில் 14 விழுந்தது, ஒப்பந்தத் தொழிலாளி நின்ற மூன்றாம் பூத்தில் 2. குறை ஆளோடு போகவில்லை, இடத்தோடு நின்றுவிட்டது. இதைச் செய்வதற்கு முன் இரு வெல்டர்களிடமும் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது அவர்களுக்குத் தண்டனையாகத் தெரியும்.

ஐந்தாம் படி: எங்கே, எப்போது, எதை வைத்து

நேரம்: இரண்டு ஷிப்ட் சூப்பர்வைசர்களும் ஒன்றாகக் கிடைப்பது மதியம் ஷிப்ட் மாறும்போது மட்டும்தான். 1.40-க்குத் தொடங்கி 2 மணிக்குள் முடித்தோம். 20 நிமிடத்துக்கு மேல் இழுத்தால் ஏ ஷிப்ட்காரர் பேருந்தைப் பார்ப்பார், பி ஷிப்ட்காரர் லைனைப் பார்ப்பார்.

இடம்: ஏசி அறையும் புரொஜெக்டரும் வேண்டாம். முதல் பூத்திலிருந்து பத்தடி தூரத்தில், ரிஜெக்ஷன் பலகைக்குப் பக்கத்தில், பெரிய சார்ட் பேப்பரில் கையால் எழுதிய படத்தை ஒட்டினோம். கையால் எழுதிய படத்தில் ஒருவர் பேனாவை வாங்கி ஒரு முள்ளைச் சேர்க்கத் தயங்க மாட்டார். அச்சிட்ட படத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள்.

கையில்: துளை விழுந்த ஐந்து பிராக்கெட்டுகள். அவற்றில் இரண்டின் பீடைத் தேய்த்து உள்துளை தெரியும்படி வைத்திருந்தோம். மேலாளர் வருவதானால் முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வரச் சொல்வது நல்லது. அவர் தொடக்கத்திலேயே நின்றால் எல்லோரும் அவருக்காகப் பேசுவார்கள்.

ஆறாம் படி: பேச வேண்டிய வரிசை

முதலில் பிராக்கெட்டைக் கையில் கொடுங்கள், படத்தைக் காட்டாதீர்கள். ஒருவர் நகத்தால் துளையைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார். இரண்டு நிமிடம் யாரும் எதுவும் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு நேர அட்டவணை. நான்கு மணிநேரத் துண்டுகளாக நான்கு கட்டங்கள், உள்ளே 12, 40, 171, 48. விளக்கம் தேவையே இல்லை. ஷிப்ட் எல்லையை அந்தக் கட்டங்களில் தடித்த கோடாகப் போடாதீர்கள். போட்டால் கண் அங்கேயே நிற்கும்.

அடுத்துதான் மீன். தலையை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு முதலில் மங்கலான முட்களைச் சொல்லுங்கள், அதுவும் அவற்றைச் சோதித்தவர் வாயாலேயே. எங்கள் கூட்டத்தில் எண்ணெய்ப் பிசுக்கை விலக்கியதைப் பிரஸ் ஷாப் சூப்பர்வைசரே சொன்னார். தன் வாசலில் முள் இல்லை என்று ஒருவர் ஆதாரத்தோடு சொல்லி முடித்த பிறகு, மற்றவர்களுக்கும் அதே போலச் சோதித்துச் சொல்லும் ஆசை வருகிறது. கடைசியாகத்தான் ‘உண்டு’ என்று கண்ட முட்கள். எங்கள் படத்தில் அப்படி இரண்டு இருந்தன.

ஒன்று, காற்று. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறும். கிழக்கு வாசல் திறந்திருந்தால் அது நேராக முதல் பூத்துக்குள் வரும். பற்றவைக்கும் இடத்தை மூடிக்காக்கும் வாயுவை அது தள்ளிவிட, வெளிக்காற்று உருகிய இரும்பில் கலக்கிறது. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் கட்டுமான வெல்டிங் விதிமுறை, இந்த வகை வெல்டிங்கை மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசும் இடத்தில் தடுப்பு இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. அது விநாடிக்கு இரண்டே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கையடக்கக் காற்றுமானியில் முதல் பூத்தில் பிற்பகல் 3 மணிக்கு நாங்கள் கண்டது விநாடிக்கு 3 மீட்டர். காற்றுமானி இல்லாதவர்கள் ஊதுபத்தியைக் கொளுத்தி, வெல்டிங் நடக்காதபோது பிராக்கெட் மேல் பிடித்துப் பார்க்கலாம். புகை படுத்துக்கொண்டு ஓடினால் சந்தேகப்பட வேண்டியதுதான். கூட்டத்தில் நாங்கள் ஊதுபத்தியைத்தான் காட்டினோம், காற்றுமானி எண் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. அதே ஊதுபத்தி, வெல்டர் வெக்கை தாளாமல் தன் பக்கம் திருப்பிவைத்திருந்த பெடஸ்டல் ஃபேனையும் காட்டிக்கொடுத்தது.

இன்னொன்று, வாயு அளவு. ரெகுலேட்டரின் கண்ணாடிக் குழாயில் பந்து நிமிடத்துக்கு 14 லிட்டரில் நின்றது. ஆனால் நாசில் முனையில் வைத்து அளக்கும் சிறு குழாயில் 9 லிட்டர்தான் வந்தது. இடையில் ஹோஸ் நட்டில் கசிவு. சோப்புத் தண்ணீர் தடவியதும் குமிழி வந்தது. ரெகுலேட்டரை மட்டும் பார்த்துப் பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதிவந்ததால் இது மாதக்கணக்கில் தெரியவில்லை. சிலிண்டர் அழுத்தமானியும் இதில் உதவாது. உள்ளே திரவம் இருக்கும்வரை அதன் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், திரவம் தீர்ந்த பிறகுதான் இறங்கும்.

மீன்முள் காட்டாத ஒன்று

இந்த வரைபடத்தின் பெரிய குறையைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். காற்று சூழல் முள்ளில் இருக்கிறது, வாயு கசிவு இயந்திர முள்ளில் இருக்கிறது. படத்தில் அவை இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவைபோலத் தெரியும். உண்மையில் துளை விழுந்தது இரண்டும் சேர்ந்ததால்தான். காலையில் காற்று இல்லாதபோது 9 லிட்டர் வாயுவே சமாளித்தது. பிற்பகலில் காற்று வந்ததும் அது போதவில்லை. அதனால்தான் மெயின்டனன்ஸ்காரர் “காலைல இதே ஹோஸ்தானே ஓடுது?” என்று கேட்டது நியாயமாக இருந்தது, வெல்டிங்காரர் “இதே வாசல்தானே போன வருஷமும் திறந்திருந்தது?” என்று கேட்டதும் நியாயமாக இருந்தது. இரண்டு முட்களையும் இணைத்துப் புள்ளிக்கோடு ஒன்றைப் போட்டு, “இரண்டு கேள்விக்கும் பதில் இந்தக் கோட்டில் இருக்கிறது” என்று சொன்ன பிறகுதான் அந்த வாக்குவாதம் நின்றது.

அப்போது ஒருவர் வாயுவை 25 லிட்டருக்கு ஏற்றிவிடலாமே என்றார். இது எல்லாக் கூட்டத்திலும் வரும் யோசனை, அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். அளவுக்கு மீறி ஏற்றினால் நாசிலிலிருந்து வாயு சீராக இறங்காமல் சுழலும், அந்தச் சுழலே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். துளையும் குறையாது, சிலிண்டரும் சீக்கிரம் தீரும்.

ஏழாம் படி: சோதனையும் பொறுப்பும்

கூட்டம் முடியும்போது தீர்வு கிடைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அடுத்த சில நாட்களில் யார் எதைச் சோதிப்பார் என்பது சார்ட்டில் எழுதப்பட்டிருந்தால் போதும். நாங்கள் முதல் பூத்தில் பிற்பகல் 2 முதல் 6 வரை மூன்று மூன்று நாட்களாக மூன்று ஏற்பாடுகளைச் சோதித்தோம். ஹோஸை மட்டும் சரிசெய்தபோது 120-ல் 8 துளை. பழைய ஹோஸை வைத்துக்கொண்டு தடுப்புத்திரை மட்டும் போட்டபோது 4. இரண்டையும் செய்தபோது 1. முன்பு இருந்தது 15. 120 பிராக்கெட் என்பது சிறிய எண்ணிக்கை என்பதால், 4-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாகப் பேசக் கூடாது. 15-க்கும் 1-க்கும் உள்ளதைப் பேசலாம். அந்தச் சோதனைக்காக நல்ல ஹோஸைக் கழற்றிப் பழையதை மாட்டுவதா என்று மெயின்டனன்ஸ்காரர் முகம் சுளித்தார். மூன்று நாள் பீஸ்களையும் தனியே வைத்து முழுமையாக ஆய்வு செய்வதாக ஒப்புக்கொண்ட பிறகே சம்மதித்தார், அவர் கேட்டது சரிதான்.

திரையைப் பற்றி இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டியிருந்தது. அந்த வாசலில் ஏற்கெனவே ஒரு கேன்வாஸ் திரை உண்டு, அதைச் சுருட்டிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஏன் கட்டினீர்கள் என்று கேட்டால், தள்ளுவண்டி மாட்டிக்கொள்கிறது. தள்ளுவண்டி ஏன் கிழக்கு வாசல் வழியே வருகிறது? மேற்கு வாசலில் ஸ்கிராப் தொட்டி நிற்கிறது. தொட்டி ஏன் அங்கே? ஸ்கிராப் லாரி பின்பக்கம் வர முடியாமல் மழைநீர்க் கால்வாய் மூடி உடைந்து கிடக்கிறது. ‘திரையை மூடி வைக்கவும்’ என்று பலகை மாட்டியிருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்கும். கால்வாய் மூடியை மாற்றி, தொட்டியை நகர்த்தி, வண்டியை மேற்கே திருப்பிய பிறகுதான் திரை இறங்கியே இருந்தது. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி ஸ்டோர்ஸ் சூப்பர்வைசரிடம் இருந்தது. வெல்டிங் துளைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தவர் அவர். அவரைக் கூட்டத்துக்கு அழைக்காமல் விட்டிருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருப்போம்.

திரை இறங்கியதும் பூத்துக்குள் வெக்கை ஏறியது, ஃபேன் மீண்டும் டார்ச் பக்கம் திரும்பத் தொடங்கியது. வெல்டரைக் கண்டித்துப் பயனில்லை, மே மாதத்தில் தகரக் கூரையின் கீழ் முகமூடி போட்டு நிற்பவர் அவர். ஃபேனை வெல்டரின் முதுகுப்பக்கம், இடுப்புக்கு மேல் சுவரில் பொருத்தி, காற்று பிராக்கெட்டைத் தொடாத கோணத்தில் பூட்டினோம். கோணத்தை முடிவு செய்ததும் ஊதுபத்திதான்.

படத்தை எப்போது இறக்குவது

நான்கு வாரம் அதே கட்டங்களில் எண்ணிக்கையைத் தொடர்ந்து எழுதினோம். 271 என்பது 61 ஆனது, பிற்பகல் கட்டம் மற்றக் கட்டங்களின் அளவுக்கு இறங்கியது. இரண்டாவதைத்தான் நான் முக்கியமாகப் பார்த்தேன். மொத்தம் மட்டும் குறைந்து பிற்பகல் மேடு அப்படியே நின்றிருந்தால், வேறு ஏதோ தற்செயலாக நடந்திருக்கிறது என்றுதான் பொருள்.

சார்ட்டின் மூலையில் தேதியோடு பருவத்தையும் எழுதிவையுங்கள். எங்கள் படம் ஏப்ரல், மே மாதப் படம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காற்று வேறு விதமாக வரும், ஸ்டோர்ஸில் தகடு ஈரம் கோத்துத் துரு ஏறும். அந்தத் துருவும் ஈரமும் தாமே துளையை உண்டாக்கக் கூடியவை. கோடையில் மங்கலாக்கிய ‘பொருள்’ முள்ளை அக்டோபரில் அப்படியே நம்ப முடியாது. எண்ணிக்கை மறுபடி ஏறினால் பழைய படத்தை எடுத்து வைத்துப் பேசத் தொடங்காமல், முதலில் நேர அட்டவணையைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். இந்த முறை மேடு பிற்பகலில் இருக்கிறதா, காலையில் குளிர்ந்த தகடு முதன்முதலாக லைனுக்கு வரும்போது இருக்கிறதா என்பதைப் பொறுத்து மீனின் தலையில் எழுதும் வாக்கியமே மாறிவிடும்.